அலையா, பொட்டலமா: ஒளிமின் விளைவில் எந்த விளக்கம் எங்கே தோற்கிறது?

ஒளி பட்டதும் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறுவதுதான் ஒளிமின் விளைவு. பிளஸ் டூ புத்தகத்தில் இது இரண்டு பேர் மோதும் ஆட்டம் போலத்தான் வரும். ஒரு பக்கம் அலைக் கொள்கை, மறுபக்கம் ஐன்ஸ்டைனின் ஃபோட்டான், அதாவது ஒளியின் ஆற்றல் பொட்டலம். அலை தோற்றது, ஃபோட்டான் வென்றது, பாடம் முடிந்தது. ஆனால் களத்தில் இன்னும் இரண்டு விளக்கங்கள் இருந்தன. அவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எந்தச் சோதனை எதை நிரூபிக்கிறது என்பது புரியும்.

பொட்டாசியத்தை எடுத்துக்கொள்வோம். அதன் வெளியேற்று ஆற்றல், அதாவது ஓர் எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், சுமார் 2.30 எலக்ட்ரான் வோல்ட். அதன் மேல் 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியை எவ்வளவு செறிவாக அடித்தாலும் எலக்ட்ரான் வராது. 400 நானோமீட்டர் ஊதா ஒளியை மங்கலாகக் காட்டினாலும் வரும். ஊதாவின் செறிவைக் கூட்டினால் எண்ணிக்கை கூடும். ஆனால் ஒவ்வொரு எலக்ட்ரானின் அதிகபட்ச வேகம் அப்படியே இருக்கும்.

முதலில் பழைய அலைக் கொள்கை. இதன்படி ஒளியின் ஆற்றல் தட்டு முழுக்கப் பரவி விழுகிறது. எலக்ட்ரான் தன் பங்கைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டு வெளியே வருகிறது. அப்படியானால் எவ்வளவு நேரம் ஆகும்? சதுர மீட்டருக்கு 1 மைக்ரோவாட் என்ற மிக மங்கலான ஊதா ஒளி விழட்டும். 0.1 நானோமீட்டர் ஆரமுள்ள ஓர் அணுவின் பரப்பு ஏறக்குறைய 3.1 × 10⁻²⁰ சதுர மீட்டர். ஆகவே அதற்குக் கிடைப்பது நொடிக்கு 3.1 × 10⁻²⁶ ஜூல். தேவையோ 3.7 × 10⁻¹⁹ ஜூல். வகுத்தால் 1.2 கோடி நொடி, அதாவது நான்கு மாதத்துக்கும் மேல்! உண்மையில் அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. 1928-இல் லாரன்ஸும் பீம்ஸும் அளந்தபோது, தாமதம் என்று ஒன்று இருந்தால் அது ஒரு நொடியின் நூறு கோடியில் சில பங்குக்கு மேல் இல்லை என்று தெரிந்தது.

அதே மங்கலான ஒளியைப் பொட்டலக் கணக்கில் பாருங்கள். 400 நானோமீட்டர் ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் 3.10 எலக்ட்ரான் வோல்ட். 1 சதுர சென்டிமீட்டர் தட்டில் நொடிக்குச் சுமார் 20 கோடி ஃபோட்டான்கள் விழுகின்றன. பத்தாயிரத்தில் ஒன்றுதான் எலக்ட்ரானை வெளியேற்றுகிறது என்று வைத்தாலும் நொடிக்கு 20 ஆயிரம் எலக்ட்ரான்கள். எந்த அணுவும் சேமிக்க வேண்டியதில்லை. ஏதோ ஓர் அணுவுக்கு முழுப் பொட்டலமும் ஒரே முறையில் கிடைத்துவிடுகிறது.

சரி, அலை தோற்றது. ஆனால் உடனே ஃபோட்டானுக்கு மாலை போட முடியாது. இடையில் ஃபிலிப் லெனார்டு நிற்கிறார். செறிவைப் பல மடங்கு மாற்றியும் நிறுத்து மின்னழுத்தம், அதாவது மிக வேகமான எலக்ட்ரானையும் தடுத்து நிறுத்தும் எதிர் மின்னழுத்தம், மாறவில்லை என்று 1902-இல் அளந்து காட்டியவரே அவர்தான். அவர் தந்த விளக்கம் வேறு: எலக்ட்ரானின் ஆற்றல் ஏற்கெனவே அணுவுக்குள் இருக்கிறது, ஒளி வெறும் விசைவில்லை அழுத்துகிறது, அவ்வளவுதான். கேட்கத் தகுந்த யோசனை. செறிவால் வேகம் மாறாததை இது அழகாக விளக்குகிறது, தாமதமும் தேவையில்லை. மேலே சொன்ன இரண்டு சோதனைகளாலும் இதை வீழ்த்த முடியாது. தேர்வுத் தாளில் ‘செறிவைச் சாராத வேகமே ஃபோட்டானுக்குச் சான்று’ என்று மட்டும் எழுதி நிறுத்தும் விடை எனக்கு அரைகுறையாகத் தெரிவது இதனால்தான்.

லெனார்டின் விளக்கத்தை வீழ்த்துவது வரைபடத்தின் சாய்வு. ஐன்ஸ்டைன் 1905-இல் சொன்னது `eV₀ = hν − φ`. அதாவது நிறுத்து மின்னழுத்தத்தை அதிர்வெண்ணுக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வர வேண்டும்; எந்த உலோகமானாலும் சாய்வு `h/e` ஆகவே இருக்க வேண்டும். ஆற்றல் அணுவின் உள்ளிருப்பு என்றால், வேறு வேறு உலோகங்கள் ஒரே சாய்வைத் தரக் காரணமே இல்லை. நம் பொட்டாசியத்துக்குச் சமன்பாடு என்ன சொல்கிறது? 400 நானோமீட்டரில் (7.5 × 10¹⁴ ஹெர்ட்ஸ்) 0.80 வோல்ட். 500 நானோமீட்டரில் (6.0 × 10¹⁴ ஹெர்ட்ஸ்) 0.18 வோல்ட். வித்தியாசம் 0.62 வோல்ட், அதை 1.5 × 10¹⁴-ஆல் வகுத்தால் 4.1 × 10⁻¹⁵. எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் பெருக்கினால் 6.6 × 10⁻³⁴ ஜூல் நொடி, அதாவது பிளாங்க் மாறிலி. சோடியத்துக்குக் கோடு இடம் மாறும், சாய்வு மாறாது.

இதை அளந்து உறுதி செய்தவர் மில்லிகன். காற்றுப் பட்டால் கார உலோகத்தின் மேற்பரப்பு உடனே கெட்டுவிடும் என்பதால் வெற்றிடத்துக்குள்ளேயே கத்தி வைத்துப் பரப்பைச் சீவினார். 1916-இல் அவருக்குக் கிடைத்த `h` இன்றைய மதிப்புக்கு ஏறத்தாழ ஒரு சதவீதத்துக்குள் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், சமன்பாடு சரி என்று காட்டிய அவரே அப்போது ஒளிப் பொட்டலத்தை ஏற்கவில்லை.

ஆய்வகத்தில் இதைச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எலக்ட்ரானைச் சேகரிக்கும் நேர்மின்வாய் வேறு உலோகம் என்றால் இரண்டுக்கும் நடுவே தொடு மின்னழுத்தம் ஒன்று புகுந்துகொள்ளும். அதனால் கோடு மொத்தமாக மேலேயோ கீழேயோ நகரும். வெட்டுத்துண்டிலிருந்து எடுத்த வெளியேற்று ஆற்றல் புத்தக மதிப்போடு ஒத்துவராது. சாய்வு மட்டும் அசையாது. ஆகவே `h` சரியாக வந்து `φ` தவறாக வந்தால் கருவி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். சேகரிக்கும் தகட்டில் பொட்டாசியம் படிந்து அதுவும் எலக்ட்ரானை உமிழ்ந்தால், மின்னோட்டம் சுழியைத் தாண்டி எதிர்த்திசைக்குப் போகும். அப்போது நிறுத்து மின்னழுத்தத்தைப் படிப்பதே சிரமம்.

அப்புறம் நான்காவது விளக்கம். இது பள்ளிப் புத்தகத்தில் வராது. 1969 வாக்கில் லாம்பும் ஸ்கல்லியும் காட்டியது இது: ஒளியைப் பழையபடி அலையாகவே வைத்துக்கொண்டு, அணுவை மட்டும் குவாண்டம் விதிப்படி நடத்தினாலும் ஒளிமின் விளைவின் முக்கிய இயல்புகள் கிடைத்துவிடும். அதிர்வெண் ν உள்ள அலை, hν இடைவெளியுள்ள நிலைகளுக்கு இடையேதான் எலக்ட்ரானைத் தாவவைக்கும். செறிவு கூடினால் தாவும் வாய்ப்பு கூடும். ஐன்ஸ்டைனின் நேர்கோடும் அப்படியே வந்துவிடும். ஒளிமின் விளைவை மட்டும் வைத்து இதைத் தோற்கடிப்பது கடினம்.

இதன் பலவீனம் ஆற்றல் கணக்கில் இருக்கிறது. பரவிய அலையிலிருந்து போதுமான ஆற்றல் வந்து சேருமுன்பே அணு முழு hν-ஐ எடுத்துக்கொண்டால், ஆற்றல் அழியாமை சராசரியில்தான் நிற்கும், ஒவ்வொரு நிகழ்விலும் நிற்காது. இதைச் சோதிக்க வேறு கருவி வேண்டும்: ஒற்றை ஃபோட்டானைப் பாதி வெள்ளிப்பூச்சுக் கண்ணாடியில் விட்டு, இரண்டு பக்கமும் உணரி வைப்பது. அலை என்றால் பாதி இங்கே, பாதி அங்கே. சில நேரம் இரண்டும் சேர்ந்தே துடிக்க வேண்டும். 1986-இல் கிராஞ்சியே, ரோஜே, அஸ்பே மூவரும் கால்சியம் அணுக்களிலிருந்து ஃபோட்டான்களை எடுத்து இதைச் செய்தார்கள். இரண்டும் சேர்ந்து துடித்தது, அலைக் கணக்கு அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவைவிட மிகக் குறைவு.

அதே ஒளிமூலத்தை வைத்து இரண்டு பாதைகளையும் மறுபடி ஒன்றுசேர்த்தபோது, குறுக்கீட்டு விளைவும் தெளிவாகத் தெரிந்தது. ஆக, பொட்டலம் என்றதும் சின்னப் பந்து ஒன்று பறந்து வருவதாகக் கற்பனை செய்தால் இந்த இரண்டாவது முடிவை விளக்கவே முடியாது. ஆற்றல் கைமாறும்போது அது முழுப் பொட்டலமாகவே கைமாறுகிறது. எங்கே, எந்த வாய்ப்போடு கைமாறும் என்பதை அலைக் கணக்குதான் சொல்கிறது.