கரடுமுரடான ரோட்டில் நடக்க அப்பாவுக்கு எந்த ஷூ: வாக்கிங்கா, ரன்னிங்கா?

அப்பாவுக்கு 68 வயது. சர்க்கரை வந்து 12 வருடம் ஆகிறது. வலது முழங்காலில் தேய்மானமும் தொடங்கிவிட்டது. தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். நாங்கள் இருப்பது விருதுநகரை ஒட்டிய புறநகர்ப் பகுதி. பூங்காவோ நடைபாதையோ பக்கத்தில் இல்லை. தெருவில் பாதி தூரம் பேவர் பிளாக், சில இடங்களில் தூக்கிக்கொண்டும் சில இடங்களில் அமுங்கியும் கிடக்கும். அடுத்து குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம். அதைத் தாண்டினால் தார் பெயர்ந்து ஜல்லி தெரியும் ரோடு, இரண்டு ஓரமும் சீமைக்கருவேலம். இந்த வழியை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். சமமான சிமென்ட் பாதையில் நடப்பவர்களுக்கு விடை வேறாக இருக்கலாம்.

முதலில் ரன்னிங் ஷூதான் வாங்கினோம். முழங்கால் வலிக்கு மெத்தை நிறைய இருந்தால் நல்லது என்று நானே நினைத்தேன். கடையில் போட்டுப் பார்த்த அப்பாவும், "மெத்தையில நடக்கிற மாதிரி இருக்கும்மா" என்றார். இரண்டாவது வாரம், தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பில் இடது கால் வெளிப்பக்கமாக மடங்கிவிட்டது. நல்லவேளை, பக்கத்தில் மின்கம்பம் இருந்தது, பிடித்துக்கொண்டார். கணுக்கால் வீக்கம் வடிய 10 நாள் ஆனது. அதன்பிறகுதான் இரண்டு வகை ஷூக்களுக்கும் உள்ள வித்தியாசத்தை உட்கார்ந்து படித்தேன்.

ஓடும்போது இரண்டு காலும் தரையை விட்டு எழும்பி, உடலின் எடை ஒரே காலில் வந்து விழுகிறது. தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு. நடக்கும்போது எப்போதும் ஒரு கால் தரையில் இருப்பதால் அது உடல் எடையைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். ரன்னிங் ஷூவின் தடித்த மெத்தை முதல் வகை அடிக்காகச் செய்யப்பட்டது. இப்போது வரும் பல மாடல்களில் குதிகாலுக்குக் கீழே 35 முதல் 40 மி.மீ. உயரம் இருக்கிறது. மெதுவாக நடக்கும் பெரியவருக்கு அவ்வளவு மெத்தை தேவையே இல்லை.

சமதளத்தில் அது வெறும் தேவையற்ற சொகுசு, அவ்வளவுதான். ஜல்லியில் அதுவே ஆபத்து. கல்லின் மேல் பாதத்தின் ஒரு பக்கம் மட்டும் படும்போது, மெத்தை அந்தப் பக்கம் ஒரு அளவும் மறுபக்கம் ஒரு அளவும் அமுங்குகிறது. கால் ஏற்கெனவே உயரத்தில் இருப்பதால் சாய்வு கணுக்காலில் போய் முடிகிறது. இளம் வயதில் உடம்பு அதை உடனே உணர்ந்து சரிசெய்துகொள்ளும். வயதானால் அந்த வேகம் குறைகிறது. தடித்த மென்மையான சோல், கால் எந்தக் கோணத்தில் ஊன்றியிருக்கிறது என்ற உணர்வையும் மழுங்கடிக்கிறது. சர்க்கரையால் பாதத்தில் மதமதப்பு உள்ளவருக்கு இது இன்னும் மோசம்.

நல்ல வாக்கிங் ஷூவில் சோல் தாழ்வாக, கெட்டியாக, அகலமாக இருக்கும். குதிகாலைச் சுற்றி விறைப்பான பின்சுவர் இருக்கும். குதிகால் தரையில் பட்டு விரல் வரை உருண்டு போகும் நடைக்கு ஏற்றபடி, முன்பாதம் மடியும் இடத்தில் மட்டும் வளையும். எங்கள் ரோட்டுக்கு இதுதான் சரி என்பது என் முடிவு.

ஆனால் இங்கே ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. நம்மூர்க் கடைகளில் 'வாக்கிங் ஷூ' என்று எழுதி வைத்திருப்பதில் பாதி, லேஸ் இல்லாமல் காலை நுழைத்துக்கொள்ளும் துணி ஷூ. பின்சுவர் கிடையாது, சோல் முழுக்க வெறும் ஃபோம். கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருக்கும், விலையும் குறைவு. அப்படிப்பட்டதற்கும் கெட்டியான ரன்னிங் ஷூவுக்கும் இடையில்தான் தேர்வு என்றால், நான் ரன்னிங் ஷூவையே எடுப்பேன். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களை வைத்து மெல்போர்ன் பல்கலைக்கழகத்தினர் 2021-இல் வெளியிட்ட ஆய்வும், தட்டையாக வளைந்து கொடுக்கும் ஷூவைவிட, தாங்கிப் பிடிக்கும் உறுதியான ஷூ அணிந்தவர்களுக்கே ஆறு மாதத்தில் நடக்கும்போது வரும் வலி அதிகம் குறைந்ததாகச் சொன்னது.

அதனால் இரண்டாவது முறை கடைக்குப் போனபோது பெட்டியில் எழுதியிருந்ததைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஷூவையும் கையில் எடுத்துச் சோதித்தோம். பின்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தினேன். உள்ளே மடங்கினால் வேண்டாம். இரண்டு முனையையும் பிடித்து ஈரத்துணி பிழிவது போல முறுக்கினேன். சுலபமாக முறுக்கிக்கொண்டால் வேண்டாம். முன்பக்கத்தை மேலே மடித்தேன். விரல்கள் மடியும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் வளைந்தால் வேண்டாம். கடைக்காரர் காட்டிய ஏழு ஜோடியில் இரண்டுதான் தேறின. ஒன்று வாக்கிங் ஷூ, மற்றது மெத்தை குறைந்த பழைய பாணி ரன்னிங் ஷூ.

அந்த இரண்டில் ரன்னிங் ஷூவுக்கும் நல்ல குணங்கள் இருந்தன. எடை குறைவு, முன்முனை கொஞ்சம் மேலே தூக்கியிருந்தது. நடக்கும்போது கால்விரல் தரையிலிருந்து எழும்பும் உயரமே ஒன்றிரண்டு செ.மீ.தான். எனவே, காலைத் தேய்த்து நடப்பவருக்குக் கனமான ஷூ தடுக்கிவிடும். காற்றோட்டமும் அதில் அதிகம். அப்பா காலைத் தூக்கி வைத்து நடப்பவர் என்பதால் எங்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர் தேய்த்து நடப்பவர் என்றால் அதையே வாங்குங்கள்.

எங்களுக்குத் தீர்மானமாக அமைந்தது முள். ரன்னிங் ஷூவின் அடியில் குதிகாலிலும் முன்பாதத்திலும் மட்டும் ரப்பர், இடையில் ஃபோம் அப்படியே திறந்து கிடந்தது. கருவேல முள் ஃபோமில் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும். மேலே வலைத்துணி பெரிய கண்ணாக இருந்ததால் பொடிக்கல்லும் உள்ளே போகும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு இது வலிக்காது, புண்ணான பிறகுதான் தெரியும். வாக்கிங் ஷூவின் அடி முழுவதும் ரப்பர், மேல்துணியும் நெருக்கம். அதையே வாங்கினோம். ரப்பர் தடுக்கும் என்றாலும் நீள முள் எதையும் துளைக்கும். அதனால் நடந்து வந்ததும் சோலைத் திருப்பிப் பார்த்து, ஷூவுக்குள் கைவிட்டுத் துழாவி, பாதத்தையும் பார்த்துவிடுகிறோம்.

அளவு பார்க்கச் சாயங்காலம் போனோம், அதற்குள் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். வழக்கமாகப் போடும் காலுறையோடு, நின்றபடி, நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பார்த்தோம். இருபது வருடமாக 8-ஆம் நம்பர் போட்ட அப்பாவுக்கு இப்போது 9 வேண்டியிருந்தது. வயதானால் பாதம் அகலமாகும். குனிந்து லேஸ் கட்டச் சிரமப்படுபவர்களுக்கு வெல்க்ரோ பட்டை சரியாக வரும். காலை நுழைப்பதற்காக லேசைத் தளர்வாக விட்டுவிடுவதுதான் கூடாது.

முதல் வாரம் வீட்டுக்குள்ளும் தெருமுனை வரையிலும் 15 நிமிடம் மட்டும். நடந்து வந்தபின் எங்காவது சிவந்திருந்து, அது அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் அந்த இடத்தில் ஷூ அழுத்துகிறது என்று அர்த்தம். அப்பா இப்போது தினம் இரண்டு கி.மீ. நடக்கிறார். மாதம் ஒருமுறை ஷூவை மேசை மேல் வைத்துப் பின்னாலிருந்து பார்க்கிறேன். நாலு மாதம் ஆகிறது, இன்னும் நேராக நிற்கிறது. ஒரு பக்கம் சாயத் தொடங்கினாலோ குதிகால் வரிகள் வழவழப்பாகத் தேய்ந்தாலோ, மேல்பகுதி எவ்வளவு புதிதாக இருந்தாலும் மாற்றிவிடுவேன்.