தடித்த வாலை அளக்க எது: வி.ஏ.ஆரா, இ.எஸ்.ஸா?

500 வர்த்தக நாள்களின் லாப நஷ்டக் கணக்கு கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் உத்தி சாதாரணப் பங்கு வர்த்தகம். அதன் மிக மோசமான ஐந்து நாள்களின் நஷ்டம் 2.4, 2.2, 2.1, 2.0, 2.0 லட்சம் ரூபாய். இரண்டாவது உத்தி ஆப்ஷன் விற்பது: தினமும் சிறிய பிரீமியம் வரும், என்றாவது ஒருநாள் பெரிய அடி விழும். அரிதாக வரும் இந்தப் பெரும் நஷ்டங்களைத்தான் தடித்த வால் என்கிறோம். இந்த உத்தியின் மிக மோசமான ஐந்து நாள்கள் 19, 6, 3, 2.5, 2.0 லட்சம்.

99 சதவீத வேல்யூ அட் ரிஸ்க், சுருக்கமாக வி.ஏ.ஆர்., 500 நாள்களில் ஒரு சதவீதம் ஐந்து என்பதால் ஐந்தாவது மோசமான நாளை மட்டும் பார்க்கிறது. இரண்டுக்கும் விடை 2 லட்சம். வாசற்படியை அளந்துவிட்டு வீட்டின் ஆழத்தை அளக்காமல் திரும்புகிற வேலை இது. எக்ஸ்பெக்டட் ஷார்ட்ஃபால் (இ.எஸ்.) அந்த ஐந்து நாள்களின் சராசரியை எடுக்கிறது: முதல் உத்திக்கு 2.14 லட்சம், இரண்டாவதற்கு 6.5 லட்சம். வி.ஏ.ஆரை மட்டும் வரம்பாக வைத்தால், அந்தக் கோட்டுக்கு அப்பால் நஷ்டத்தைக் குவிக்கும் உத்தியையே வர்த்தகர் நாடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

ஆகவே என் ஓட்டு இ.எஸ்.ஸுக்கு. ஆனால் அதன் பலவீனமும் இதே எண்களில் இருக்கிறது. அந்த 19 லட்சம் நாள் தரவில் இல்லை, அதற்குப் பதில் 1.9 லட்சம் நாள் ஒன்று பட்டியலில் ஏறுகிறது என்றால், வி.ஏ.ஆர். 2.0-இலிருந்து 1.9-க்கு மட்டுமே நகரும். இ.எஸ்.ஸோ 6.5-இலிருந்து 3.08-க்குச் சரிந்துவிடும். வால் எவ்வளவு தடிமனோ அவ்வளவுக்கு இ.எஸ். ஒன்றிரண்டு நாள்களின் கைதியாகிறது.

2018 பிப்ரவரி 5 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தையில் எதிர்பார்க்கப்படும் ஏற்ற இறக்கத்தை அளக்கும் விக்ஸ் குறியீடு 17.31-இலிருந்து 37.32-க்கு ஏறியது. விக்ஸ் இறங்கினால் லாபம் தரும்படி அமைந்த எக்ஸ்.ஐ.வி. பத்திரம் ஒரே நாளில் தன் மதிப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் இழந்தது. அது 2010 இறுதியில்தான் வெளியானது. அந்தப் பிப்ரவரி 5-க்கு முந்தைய நாள் வரையிலான அதன் சொந்த விலை வரலாற்றில் இப்படி ஒரு நாளே இல்லை. அந்த வரலாற்றை மட்டும் வைத்துக் கணக்கிட்டிருந்தால் இ.எஸ்.ஸும் ஏமாந்துதான் போயிருக்கும். அதனால் தடித்த வால் உத்திகளுக்கு நடந்த நாள்களின் சராசரியோடு நிற்கக் கூடாது. 'விக்ஸ் ஒரே நாளில் இரட்டிப்பானால்?' என்ற கேள்விக்குரிய நஷ்டத்தைத் தனியாகக் கணக்கிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சோதித்துப் பார்ப்பதில் மட்டும் வி.ஏ.ஆர். முந்துகிறது. 250 நாள்களில் கோட்டைத் தாண்டியவை எத்தனை என்று எண்ணினால் போதும். இரண்டு மூன்று நாள் என்றால் சரி, பத்து என்றால் நஷ்டத்தைக் கணிக்கும் மாதிரி தவறு. இ.எஸ்.ஸுக்கு இவ்வளவு எளிய எண்ணிக்கை கிடையாது. வங்கிகளின் சந்தை அபாய மூலதனத்துக்கு 99 சதவீத வி.ஏ.ஆரை நீக்கி 97.5 சதவீத இ.எஸ்.ஸைக் கொண்டுவந்த, வங்கிகளுக்கான சர்வதேச விதிகளை வகுக்கும் பாசல் குழுகூட, மாதிரிகளின் பின்சோதனையை இன்னும் வி.ஏ.ஆரை வைத்தே நடத்தச் சொல்கிறது.