வாங்கிய விலைக்கு ஸ்டாப் லாஸை ஏற்றிய மூன்று ஆண்டுகள்

காரைக்குடியில் இருந்தபடி பங்குகளை வாங்கி, சில நாட்கள் வைத்திருந்து விற்கிறேன். மூன்று ஆண்டுகளாக ஒரு விதியை விடாமல் பிடித்திருந்தேன்: விலை சற்று ஏறியதுமே ஸ்டாப் லாஸை, அதாவது விலை இறங்கினால் தானாக விற்றுவிடும்படி வைக்கும் வரம்பை, வாங்கிய விலைக்குக் கொண்டுவந்துவிடுவது. இனி கைக்காசு போகாது என்ற நிம்மதி அதில் கிடைத்தது. இப்போது அந்த விதியைக் கைவிட்டுவிட்டேன்.

என் கணக்கு முறை எளிமையானது. 500 ரூபாய்ப் பங்கு என்றால் 200 பங்குகள் வாங்குவேன். 490-இல் ஸ்டாப் லாஸ், 520-இல் இலக்கு. தவறினால் 2,000 ரூபாய் போகும். பலித்தால் 4,000 ரூபாய் வரும். விலை 505-ஐத் தொட்டதும் ஸ்டாப்பை 500-க்கு ஏற்றிவிடுவேன். வேறு விலையில் உள்ள பங்குகளுக்கும் இதே விகிதம்தான்.

தேவகோட்டையிலிருந்து வந்திருந்த பெரியப்பா ஒருநாள் என் நோட்டைப் புரட்டினார். வட்டிக்கடையில் ஆயுள் முழுக்கப் பேரேடு எழுதியவர் அவர். "இத்தனை சுழி இருக்கிறதே தம்பி, விற்ற பிறகு அந்தப் பங்கெல்லாம் எங்கே போயின? வராக்கடனைக்கூட நாங்கள் கடைசிவரை எழுதி வைப்போம்" என்றார். என்னிடம் பதில் இல்லை. 120 வணிகங்களில் 54 வாங்கிய விலையிலேயே முடிந்திருந்தன. அவற்றின் பின்கதையை நான் எழுதியதே இல்லை.

அன்றிரவே புதிதாக ஒரு பத்தியைச் சேர்த்தேன். ஸ்டாப்பை 490-இலேயே விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலில், ஒரு நாளின் ஏற்ற இறக்கம் முழுவதையும் ஒரே மெழுகுவர்த்திக் குறியாகக் காட்டும் நாள் சார்ட்டை வைத்துப் பார்த்தது தவறாகிவிட்டது. ஒரே நாளில் விலை 506-க்கும் போய் 499-க்கும் வந்திருந்தால், எது முதலில் நடந்தது என்பதை அந்த ஒற்றை மெழுகுவர்த்தி சொல்லாது. 499 முதலில் வந்திருந்தால் ஸ்டாப் அப்போது ஏறியே இருக்காது. ஆகவே 15 நிமிட சார்ட்டில் மறுபடியும் தொடங்கினேன். இதைச் சோதிக்கும் எவரும் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

வந்த விடை இது. 40 வணிகங்கள் 505-ஐத் தொடாமலே நஷ்டத்தில் முடிந்தன. 26 திரும்பிப் பார்க்காமல் இலக்கை அடைந்தன. இவை இரண்டையும் என் விதி மாற்றவில்லை. மீதி 54-இல் 30 பின்னர் 490-க்கு விழுந்தன. 24 இலக்கை எட்டின. அதாவது விதி எனக்கு 60,000 ரூபாய் நஷ்டத்தைத் தடுத்து, 96,000 ரூபாய் லாபத்தைக் கைநழுவவிட்டது. செலவுகளைக் கழிக்கும் முன், விதியோடு கிடைத்தது 24,000 ரூபாய். அது இல்லாமல் இருந்திருந்தால் 60,000 ரூபாய்.

காப்பாற்றியவை எண்ணிக்கையில் அதிகம். அதனால்தான் மூன்று ஆண்டுகளும் விதி நன்றாக வேலை செய்வதாகத் தோன்றியது. ஆனால் நழுவிய ஒரு லாபம் தடுத்த இரண்டு நஷ்டங்களுக்குச் சமம். திரும்பி வந்தவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இலக்கை எட்டினால், என் அளவுகளில் விதி தோற்றுவிடும். 54-க்கு அந்த எல்லை 18. என்னிடம் இருந்தவை 24. எண்ணிக்கை சிறியது, தற்செயலுக்கும் இதில் இடமுண்டு. ஆனால் காரணம் தெளிவாக இருந்ததால் முடிவை நம்பினேன்.

காரணம் இதுதான். நான் வாங்கும் பங்குகள் சாதாரண நாளிலேயே எட்டு, ஒன்பது ரூபாய் ஏறி இறங்கும். 505-லிருந்து 500-க்கு வருவது அந்த மூச்சுக்குள் அடங்கிவிடும். மேலும் 500 என்பது எனக்கு மட்டும் தெரிந்த எண். சந்தையில் வேறு யாரும் அந்த விலையைக் காக்கப் போவதில்லை. 490-ஐயோ, முந்தைய நாட்களின் அடிவிலையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தேன். 500-இல் வாங்குவதற்கு என்ன நியாயம் இருந்ததோ, விலை மறுபடி 500-க்கு வரும்போதும் பெரும்பாலும் அதே நியாயம் இருக்கிறது. நான் அங்கே வெளியேறி, நல்ல வாய்ப்பைச் சும்மா கொடுத்துவிட்டேன்.

அந்தச் சுழியும் உண்மையில் சுழி அல்ல. பங்கை அன்றே விற்காமல் கணக்கில் வைத்திருக்கும் டெலிவரி முறையில் வாங்கும்போதும் விற்கும்போதும் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், ஒரு லட்சத்துக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 200 ரூபாய். முத்திரைத்தாள் கட்டணம் 15 ரூபாய் தனி. தவிர, இரவில் செய்தி வந்து மறுநாள் 485-இல் சந்தை திறந்தால், 500-இல் போட்ட ஸ்டாப் 500-ஐத் தராது.

515-ஐத் தொட்ட பிறகே ஸ்டாப்பை ஏற்றினால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன். ஒன்பது மட்டுமே திரும்பி வந்தன. அவற்றில் மூன்று பின்னர் இலக்கை அடைந்தன, ஆறு விழுந்தன. கூட்டிக் கழித்தால் வித்தியாசமே இல்லை. நுழைந்த காரணமே பொய்த்துவிட்டால், வாங்கிய விலைக்காகக் காத்திராமல் அப்போதே விற்றுவிடுகிறேன். மற்றபடி 490-இல் வைத்த ஸ்டாப்பை மாற்றுவதில்லை. தொடர்ந்து நான்கு நஷ்டம் வரும் வாரங்கள் முன்பைவிட அதிகமாகிவிட்டன. அவற்றைத் தாங்குவதற்காக ஒரு வணிகத்துக்கான இழப்பை 2,000-லிருந்து 1,500 ரூபாயாகக் குறைத்துக்கொண்டேன். பெரியப்பா கேட்ட பத்தியை இன்றும் நிரப்பி வருகிறேன்.