டக்ட் பெட்டி ஒன்றரை அடி நகர்ந்த கதை: மேல்மாடி கட்டுற ஆக்கள் வாசியுங்கோ

கோண்டாவிலில் எங்கட பழைய வீட்டுக்கு மேல் ஒரு மாடி எடுத்தனாங்கள். கொந்திராத்துக்காரர் யார் என்று கேட்டு உள்பெட்டிக்கு வரவேண்டாம், பேர் எழுதப் போவதில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். சிலாப்பில் ஓட்டை விடுகிற இடத்தில் என்ன நடக்கலாம் என்பது கொங்கிறீற் போட்ட பிறகு வெளியில் தெரியாது. எனக்கும் எட்டு மாதம் தெரியவில்லை.

எங்கட சிலாப் 5 அங்குலம். இரண்டு பக்கமும் 10 மில்லிக் கம்பி, 6 அங்குலத்துக்கு ஒன்று. அதில் இரண்டு ஓட்டை. ஒன்று மாடிப்படிக்கு. மற்றது மேல் பாத்ரூமில் இருந்து குழாய்கள் இறங்குகிற டக்ட், 3 அடிக்கு இரண்டரை அடி. அந்த இடத்தில் கொங்கிறீற் விழாமல் இருக்கப் பலகையால் அடித்து வைக்கிறதுதான் டக்ட் பெட்டி.

படி ஓட்டையைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அது பெரிய ஓட்டை. அங்கே அறுபடுகிற கம்பிகள் சுமந்த பாரத்தை ஓரத்தில் நாலு கம்பி கூடப் போட்டுச் சமாளிக்க ஏலாது, சுற்றிவர பீம் வேண்டும். எஞ்சினியர் வரைபடத்தில் பீம் போட்டிருந்தார். "உந்த பீம் எடுத்தால் என்ன அண்ணை, படி ஏறேக்க தலை இடிக்கும்" என்று கொந்திராத்துக்காரர் ஒருக்கால் கேட்டுப் பார்த்தார். எஞ்சினியர் படியின் உயரத்தைக் கணக்குப் பார்த்துக் காட்டி, இடிக்காது என்று முடித்துவிட்டார். பீமுக்குப் பலகை அடிக்கவேண்டும், அடித்தால் எல்லாருக்கும் தெரியும். அதனால் அதில் விளையாட முடியவில்லை. விளையாட்டு நடந்தது சின்ன ஓட்டையில்.

டக்ட் மாதிரியான சின்ன ஓட்டைக்கு எஞ்சினியர் எனக்குச் சொன்ன முறை இதுதான். ஓட்டைக்குள் எத்தனை கம்பி அறுபடுகிறதோ, அத்தனையையும் திருப்பிக் கொடுக்கவேண்டும், பாதி ஒரு பக்க ஓரத்தில், பாதி மறுபக்க ஓரத்தில். எங்கட ஓட்டையின் 3 அடி அகலத்தில் வடக்கு தெற்காகப் போகிற 6 கம்பி அறுபடும். ஆகவே கிழக்கு ஓரத்தில் 3, மேற்கு ஓரத்தில் 3. மற்றத் திசையில் 5 அறுபடும், அதுக்கும் ஓரத்துக்கு 3 என்று போட்டோம். இந்தக் கம்பி ஓட்டையின் நீளத்துக்கு மட்டும் கிடந்தால் பிரயோசனம் இல்லை. ஓட்டையின் மூலையைத் தாண்டி இரண்டு பக்கமும் ஒன்றரை அடியாவது கொங்கிறீற்றுக்குள் போகவேண்டும். அப்போதுதான் கொங்கிறீற் அதைப் பிடித்துக்கொள்ளும், அறுந்த கம்பியின் வேலை இதுக்கு மாறும்.

அதுக்கு மேல் நாலு மூலையிலும் சாய்வுக் கம்பி. உள்மூலை இருக்கிற இடத்தில்தான் கொங்கிறீற் முதலில் வெடிக்கும். காய்ந்து சுருங்கும்போதும் சரி, பாரம் ஏறும்போதும் சரி, இழுவை எல்லாம் அந்த மூலையில் வந்து குவியும். வெடிப்பு மூலையில் தொடங்கிச் சாய்வாக வெளியே ஓடும். நேராகப் போகிற கம்பிகள் அந்த வெடிப்பைச் சரிவாகத்தான் சந்திக்கும். சாய்வுக் கம்பி அதைக் குறுக்கே மறித்து நிற்கும். எங்களுக்கு மூலைக்கு 12 மில்லியில் 2 கம்பி, மூன்றேகால் அடி நீளம், அடியிலும் மேலும். மூலையில் இருந்து அந்தக் கம்பிக்கு ஒரு நெருப்புப்பெட்டி நீளத்துக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது என்று எஞ்சினியர் தன்ர சட்டைப் பையில் இருந்த நெருப்புப்பெட்டியையே வைத்துக் காட்டினார். மனுசன் சிகரெட்டை விட்டு மூன்று வருசம், பெட்டியை மட்டும் விடவில்லை.

கொங்கிறீற்றுக்கு முதல்நாள் பின்னேரம் எஞ்சினியர் வந்து எண்ணினார். எல்லாம் சரி. நான் படமும் எடுத்தேன், மூலைக்கு மூலை. அந்தப் படத்தைக் கனடாவில் இருக்கிற தம்பிக்கும் அனுப்பினேன். "வடிவாக் கட்டியிருக்கினம்" என்று பதில் போட்டான்.

அடுத்தநாள் விடிய 6 மணிக்கு மிக்ஸர் ஓடத் தொடங்கியது. எனக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை மேற்பார்வை, 9 மணிக்குத்தான் வர முடிந்தது. வந்தபோது பாத்ரூம் பக்கம் போட்டு முடிந்து மட்டம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் பணிஸும் பிளேன்ரீயும் கொடுத்து, தம்பிக்கு அனுப்ப ஒரு வீடியோவும் எடுத்தேன். அந்த வீடியோதான் பிறகு சாட்சியாக வந்தது.

21 ஆம் நாள் முட்டு எடுத்தார்கள். பில் வந்தது. அதில் ஒரு வரி: டக்ட் சுற்றிக் கூடுதல் கம்பி 27 கிலோ, கட்டுக்கூலி தனி. நானே கணக்குப் பார்த்தேன். 10 மில்லிக் கம்பி மீற்றருக்கு 617 கிராம், 12 மில்லி 888 கிராம். ஓரக் கம்பி கிட்டத்தட்ட 13 கிலோ, சாய்வுக் கம்பி 14 கிலோ. சரியாக வந்தது. நேர்மையான ஆள் என்று நினைத்துக் காசைக் கொடுத்தேன்.

மேல் பாத்ரூம் பாவிக்கத் தொடங்கி ஒரு மாதத்தில், கீழே குசினிக் கூரையில் டக்ட் மூலையில் இருந்து ஒரு கோடு. முதலில் சிலந்தி நூல் என்று மனுசி துடைப்பத்தால் தட்டினாள். போகவில்லை. மூலையில் தொடங்கி, சரியான சாய்வில், ஒரு முழ நீளம். மாரியில் அந்தக் கோட்டின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்ததுபோல் வந்தது. தண்ணீர் உள்ளே போய்ச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்தால்தான் அப்படி வெள்ளை பூக்கும். அதாவது வெடிப்பு பூச்சில் இல்லை, சிலாப்பை ஊடறுத்து மேலே பாத்ரூம் வரை போயிருக்கிறது. ஈரம் போகிற வெடிப்பில் கம்பியும் கிடந்தால் துருப் பிடிக்கும். எங்கட பக்கத்து உப்புக் காற்றைச் சொல்லவே வேண்டாம்.

எஞ்சினியர் கம்பி தேடுகிற மெசின் ஒன்று கொண்டுவந்து, கீழிருந்து கூரையில் ஓட்டி ஓட்டிச் சோக்கால் கோடு போட்டார். மேற்கு ஓரத்துக் கம்பி மூன்றும் ஓட்டையில் இருந்து ஒன்றரை அடி தள்ளிக் கிடந்தன. கிழக்கு ஓரத்தில் கூடுதல் கம்பி ஒன்றுமே இல்லை. மேற்கு மூலைகளின் சாய்வுக் கம்பி சிலாப்பின் நடுவில் அநாதையாகக் கிடந்தது. வெடிப்பு ஓடிய தென்கிழக்கு மூலையில் எதுவும் இல்லை.

அப்போதுதான் படத்தையும் வீடியோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். படத்தில் டக்ட் பெட்டிக்கும் பக்கத்தில் மேலே நீட்டி நிற்கிற தூண் கம்பிக்கும் இடையில் ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம். வீடியோவில் கால் வைக்கவும் இடமில்லை. பெட்டி கிழக்குப் பக்கம் ஒன்றரை அடி நகர்ந்திருக்கிறது. பின்னால் கிரைண்டர் சத்தமும் கேட்கிறது. நான் மட்டம் இழுக்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன், அந்தச் சத்தம் காதில் ஏறவே இல்லை.

கம்பி கட்டின பெடியன் ஒருத்தன் இப்போது வேறு இடத்தில் வேலை. அவனைப் பிடித்துக் கேட்டேன். "விடிய பிளம்பர் வந்தவர் ஐயா. கொமட் குழாய் பீமில முட்டும் எண்டார். பெட்டியைத் தள்ளச் சொன்னவை, தள்ளினம். குறுக்க நிண்ட கம்பியை வெட்டினம்." கிழக்கு ஓரத்து மூன்று கம்பியும் அந்தக் "குறுக்க நிண்ட கம்பி"க்குள் போய்விட்டன. கூடவே சிலாப் கம்பி இன்னும் மூன்று. ஏற்கனவே வெட்டிக் கிடந்த பழைய ஓட்டையின் ஒன்றரை அடியை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். துண்டுக் கம்பி வைத்தார்களாம். எவ்வளவு நீளம்? ஓட்டையின் நீளம், இரண்டரை அடி. அதாவது பழைய கம்பியோடு முனைக்கு முனை தொட்டுக்கொண்டு நிற்கும், ஒன்றுமேல் ஒன்று ஏறவில்லை. ஒவ்வொரு முனையிலும் ஒன்றரை அடி ஏறியிருந்தால்தான் அது ஒரே கம்பிபோல் இழுக்கும். எங்கட பாத்ரூமின் அந்தப் பகுதி, கம்பியே இல்லாத கொங்கிறீற் மாதிரித்தான்.

கொந்திராத்துக்காரரிடம் போனேன். மறுக்கவில்லை. "அண்ணை, 27 கிலோவும் உள்ளுக்குத்தானே கிடக்கு, நான் என்ன களவெடுத்தனானோ?" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. உண்மைதான், கொஞ்சம் அறுந்தும் மிச்சம் இடம் மாறியும் உள்ளேதான் கிடக்கிறது. பெட்டியைத் தள்ள எஞ்சினியருக்கு ஒரு கோல் எடுத்தீர்களா என்றால், "மிக்ஸர் ஓடிக்கொண்டு நிக்கேக்க ஆரைக் கேக்கிறது?" திருத்துகிற செலவில் ஒரு சதம் தரவில்லை.

இன்னொன்று தெரிந்தபோதுதான் வயிறு எரிந்தது. பெட்டியைத் தள்ளவே தேவையில்லை. முட்டினது ஒரே ஒரு 4 அங்குலக் குழாய். 6 அங்குல இடைவெளியில் கிடக்கிற கம்பிகளுக்கு நடுவில் அந்தக் குழாய் நுழைகிற அளவில் தனியாக ஒரு சிலீவ் குழாய்த் துண்டு வைத்திருந்தால், ஒரு கம்பியும் அறுக்காமல், ஆகக் கூடினால் ஒன்றைக் கொஞ்சம் விலத்தி, காரியம் முடிந்திருக்கும்.

திருத்தின விதம்: முதலில் கீழே முட்டுக் கொடுத்தோம். பழைய ஓட்டையின் துண்டை முழுக்க உடைத்து, சுற்றிவர ஒன்றரை அடிக்குக் கம்பியை வெளியே எடுத்து, புதுக்கம்பி ஏற்றிக் கட்டித் திரும்பக் கொங்கிறீற் போட்டோம். மேற்கு ஓரமும் அதோடு சரியானது. கிழக்கு ஓரத்தில் கம்பியை உள்ளே வைக்க வழியில்லை. அதனால் சிலாப்புக்குக் கீழே பீமில் இருந்து பீமுக்கு 6 அங்குல, ப வடிவ இரும்புச் சனல் ஒன்று பூட்டி, இடைவெளியைச் சுருங்காத சாந்தால் இறுக்கினார்கள். வெடிப்புக்கு எப்பொக்சி ஏற்றியது. இந்தச் சனல் எங்கட வீட்டின் அளவுக்கு எஞ்சினியர் கணக்குப் பார்த்துப் போட்டது, இதைப் பார்த்து உங்கட வீட்டில் பூட்டாதேயுங்கோ.

நீங்கள் செய்யக்கூடியது கம்பி கட்ட முதலே இருக்கிறது. பலகை அடித்தவுடன் பிளம்பரைக் கூட்டிவந்து, கொமட், குழாய், வளைவு எல்லாத்தையும் பலகையிலேயே சோக்கால் வரையச் சொல்லுங்கோ. பெட்டி அடித்த பிறகு தூண் கம்பியில் இருந்து இரண்டு திசையிலும் அளந்து சுவரில் எழுதி வையுங்கோ. கொங்கிறீற் அன்று விடிய, மிக்ஸர் ஓட முதல், அதே அளவை இன்னொருக்கால் பிடியுங்கோ. ஆள் ஒருத்தர் டக்ட் பக்கத்தில் கொங்கிறீற் போய் முடியும்வரை நில்லுங்கோ. பள்ளிக்கூடத்துக்கு லீவு போடுங்கோ. நான் போடவில்லை.

எப்பொக்சி ஏற்றின பிறகு, வெடிப்பு முடிகிற இடத்தில் எஞ்சினியர் பென்சிலால் ஒரு சின்னக் கோடு கீறித் திகதியும் எழுதச் சொன்னார். குசினிக் கூரையில் இப்போது அப்படி மூன்று திகதி, ஒன்றின்மேல் ஒன்றாக, ஒரே இடத்தில் இருக்கின்றன. வெள்ளை பூக்கவில்லை. மனுசி பூச்சு அடிக்கக் கேட்கிறாள், நான் இன்னும் ஒரு மாரி போகட்டும் என்கிறேன்.