ஓவர்கிளாக் கொடுத்த 3 ஃபிரேம், ரேம் கொடுத்த 5

அக்கா மகனின் கம்ப்யூட்டரில் சைபர்பங்க் 2077 விளையாட்டு ஓடத்தான் செய்தது, ஆனால் நொண்டியது. ரைசன் 5 2600 ப்ராசஸர், பி450 போர்டு, ஒரே ஒரு 8 ஜிபி ரேம், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. 1080பி-யில் நடுத்தர செட்டிங்ஸ் வைத்தால் சராசரி நொடிக்கு 34 ஃபிரேம். கூட்டம் நெரியும் சந்தைத் தெருவுக்குள் நுழைந்தால் 24. "மாமா, ஓவர்கிளாக் பண்ணிட்டா ஓடிரும்ல?" என்று கேட்டான். ஓவர்கிளாக் என்றால் சிப்பைக் கம்பெனி குறித்த வேகத்துக்கு மேலே ஓட்டுவது. அவனுக்கு வேண்டியது 60 இல்லை. சந்தைக்குள்ளும் 30-க்குக் கீழே போகக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த விளையாட்டுக்கு 2023-இல் திருத்தி அறிவித்த குறைந்தபட்சத் தேவை 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060-உம் 12 ஜிபி ரேமும். ப்ராசஸருக்கு ரைசன் 5 1600 போதும். அதாவது இவனுடைய ப்ராசஸர் கோட்டுக்கு மேலே இருக்கிறது, கார்டும் ரேமும் கோட்டுக்குக் கீழே. ஓரத்தில் நிற்கிற மெஷின் என்றால் இதுதான்.

ஓவர்கிளாக் மேல் நம் ஆட்களுக்கு இருக்கிற நம்பிக்கை பழைய காலத்துச் சொத்து. 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ-வை வாங்கி, போர்டின் பஸ் வேகத்தை 66-இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 300 என்று விற்ற ப்ராசஸர் 450-இல் ஓடும். 50 சதவீதம் சும்மா கிடைத்தது. இன்று அந்த மிச்சத்தைக் கம்பெனிகளே பெட்டிக்குள் வைத்து எடுத்துக்கொள்கின்றன. ப்ராசஸரில் டர்போ, கார்டில் ஜிபியு பூஸ்ட், இரண்டும் சூடும் மின்சாரமும் இடம் கொடுக்கிற வரை வேகத்தைத் தானாகவே ஏற்றிவிடுகின்றன. நமக்கு மிஞ்சுவது 5 முதல் 10 சதவீதம். 55-இல் ஓடுவதை 60 ஆக்க அது போதும். 24-ஐ 30 ஆக்க 25 சதவீதம் வேண்டும்.

எதையும் தொடுவதற்கு முன் எது இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். கார்டைக் கண்காணிக்கவும் அதன் வேகத்தை மாற்றவும் உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளின் எண்களைத் திரையில் வைத்துக்கொண்டு ஊர்சுற்றினோம். நெடுஞ்சாலையில் கார்டின் உழைப்பு 98, 99 சதவீதம். அங்கே கார்டுதான் தடை. சந்தைக்குள் போனதும் அது 70-க்கு விழுந்தது. கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, ப்ராசஸரோ ரேமோ அதற்கு வேலை கொடுக்க முடியாமல் திணறுகிறது என்று அர்த்தம். உறுதி செய்ய ரெசல்யூஷனை 720பி ஆக்கி, கார்டின் வேலையைக் குறைத்தோம். நெடுஞ்சாலையில் ஃபிரேம் எகிறியது. சந்தையில் அதே 24. ஒரே விளையாட்டில் இரண்டு தடைகள், ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்கு எடுபடாது.

முதலில் கார்டு. இந்த 1650-க்குத் தனி பவர் கேபிள் கிடையாது. போர்டின் ஸ்லாட் கொடுக்கிற 75 வாட்தான் அதன் சாப்பாடு. கோர் வேகத்தில் +120 மெகாஹெர்ட்ஸ் வைத்தேன், உண்மையில் ஏறியது 60 சொச்சம். காரணத்தை ஜிபியு-இசட் என்ற மென்பொருள் காட்டியது: `PerfCap Reason` என்ற வரியில் `Pwr` என்று வந்து நின்றது. மின்சாரச் சுவரில் முட்டிவிட்டது. ஸ்லைடரை இன்னும் தள்ளினாலும் அதே சுவர்தான். கார்டின் மெமரியில் நிலைமை கொஞ்சம் மேல். ஆஃப்டர்பர்னரில் +600 வைத்ததில் 4001 என்று இருந்தது 4601 ஆனது, 15 சதவீதம் கூடுதல். நொடிக்கு 128 ஜிபி பாய்ந்த இடத்தில் 147. குறைந்தபட்சம் கேட்கிற 1060-இல் அது 192 என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டும் சேர்ந்து சராசரியை 34-இலிருந்து 37 ஆக்கின. சந்தையில் 24, அசையவே இல்லை. 4 ஜிபி நினைவகம் 4 ஜிபி-யாகவேதான் இருக்கும். டெக்ஸ்சரை உயர்த்தினால் நினைவகம் நிரம்பி, காட்சி அரை நொடி நின்று நின்று போவது ஓவர்கிளாக்குக்குப் பிறகும் அப்படியே இருந்தது.

மெமரி வேகத்தில் ஒரு கண்ணி உண்டு. அளவுக்கு மீறினால் உடனே திரையில் புள்ளி புள்ளியாகத் தெரியும் என்று எதிர்பார்ப்போம். இந்த வகை மெமரி, தவறாகப் போன தரவைக் கண்டுபிடித்துத் திரும்ப அனுப்பும். அதனால் படம் சுத்தமாக இருக்கும், ஃபிரேம் மட்டும் குறையும். +700-இல் எங்களுக்கு அதுதான் நடந்தது, +600-ஐவிடக் குறைவான எண் வந்தது. விளையாட்டுக்குள்ளேயே இருக்கிற பெஞ்ச்மார்க்கை ஒவ்வொரு படியிலும் ஓட்டிப் பார்க்காதவர் கூட்டிவிட்டோம் என்று நினைத்துக் குறைத்துக்கொண்டிருப்பார்.

அடுத்து ப்ராசஸர். சூடு என்றால் என்ன என்று இங்கேதான் தெரிந்தது. 2600 பூட்டாத ப்ராசஸர், பி450 போர்டும் ஓவர்கிளாக்குக்கு அனுமதி தரும். ஆறு கோர்களையும் 4.0 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட் என்று, மெஷின் கிளம்பும்போது திறக்கும் பயாஸ் செட்டிங்ஸில் நிறுத்தினேன். விளையாடும்போது அது தானாகவே 3.8 வரை போய்க்கொண்டிருந்தது, ஆகவே வேகத்தில் லாபம் 5 சதவீதம். செலவைக் கணக்குப் போடலாம். சிப் சாப்பிடும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்ட்டேஜோடு வர்க்கமாகவும் ஏறும். 1.2 வோல்ட்டில் இருந்ததை 1.35 ஆக்கினால் அது மட்டுமே 1.27 மடங்கு. வேகத்தையும் சேர்த்தால் 1.33. 5 சதவீத வேகத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சூடு.

அந்தச் சூடு எந்த அறையில் இறங்குகிறது என்பதும் உண்டு. கூலர் சூட்டைக் குறைப்பது அறைக் காற்றிலிருந்து இத்தனை டிகிரி மேலே என்ற கணக்கில்தான். ஏசி அறையில் 22 டிகிரியில் 72 காட்டுகிற அதே செட்டப், மே மாதத் திருச்சியில் மாடி அறையின் 36 டிகிரியில் 86 காட்டும். பெட்டியோடு வந்த சின்ன கூலரை வைத்துக்கொண்டு நாங்கள் 88 பார்த்தோம். 95 அதன் எல்லை. ஃபேன் சத்தத்தில் அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கிடைத்தது என்ன? சந்தையில் 24 இருந்தது 25 ஆனது. அன்றைக்கே பயாஸைப் பழையபடி மாற்றிவிட்டேன்.

மூன்றாவது போட்டியாளரை ஓவர்கிளாக் என்று யாரும் நினைப்பதில்லை, ஆனால் விதிப்படி அதுவும் ஓவர்கிளாக்தான். அவன் ரேமின் ஸ்டிக்கரில் 3200 என்று இருந்தது, ஓடியது 2400-இல். பயாஸில் `XMP` போடாமல் விட்டால் எந்த ரேமும் பாதுகாப்பான வேகத்தில்தான் கிளம்பும். வாங்கிய நாளிலிருந்து யாரும் போடவில்லை. ரைசனில் கோர்களுக்கு நடுவே தரவு ஓடும் பாதையின் வேகமும் ரேம் வேகத்தோடு கட்டப்பட்டிருப்பதால் இழப்பு இரட்டிப்பு. அதோடு ஒற்றை ரேம் என்றால் ஒரே சேனல், பாலத்தில் ஒரு பக்கம் மட்டும் திறந்த மாதிரி.

இன்னொரு 8 ஜிபி பழைய ரேம் வாங்கிப் போட்டோம். 3200 வைத்ததும் மெஷின் மூன்று முறை தானாக அணைந்து எரிந்து, பழைய வேகத்துக்கே திரும்பிவிட்டது. வெவ்வேறு கம்பெனி ரேம்கள், பழைய தலைமுறை ப்ராசஸர், அப்படித்தான் இருக்கும். 2933-இல் வைத்தேன், 2600-க்கு அதிகாரபூர்வமான உச்ச வேகமே அதுதான். சந்தையில் இப்போது 29. இதில் வேகத்தின் பங்கு எவ்வளவு, இரண்டாம் சேனலின் பங்கு எவ்வளவு, 16 ஜிபி ஆனதால் ஹார்டுடிஸ்க்கைத் தட்டாமல் இருப்பதன் பங்கு எவ்வளவு என்று நான் பிரித்து அளக்கவில்லை. சூடு ஒரு டிகிரிகூட ஏறவில்லை.

ஆனால் ஆபத்து என்று பார்த்தால் இந்த மூன்றில் ரேம்தான் பொல்லாதது. கார்டு தடுமாறினால் திரை கறுத்து, டிரைவர் மீண்டு வரும், விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 4101 என்று பதிவாகும். ரேம் தடுமாறினால் எந்தச் சத்தமும் இருக்காது. தப்பான ஒரு பிட் சேவ் ஃபைலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும். அதனால் வேகத்தை மாற்றிய இரவே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ நான்கு சுற்று ஓட்டினோம். ஒரே ஒரு பிழை வந்திருந்தாலும் அந்த வேகத்தை விட்டிருப்பேன்.

தடுமாற்றம் சொல்கிற காரணத்தையும் நம்ப முடியாது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் தகராறு செய்தபோது பலருக்குத் திரையில் வந்த செய்தி, கார்டின் நினைவகம் போதவில்லை என்பது. கார்டில் ஒரு குறையும் இல்லை, ப்ராசஸர்தான் தவறாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அதிக வோல்ட்டேஜ் சிப்பைத் தேய்த்துவிட்டது என்று ஒப்புக்கொண்டு 2024 ஆகஸ்டில் ப்ராசஸருக்குள் ஓடும் மைக்ரோகோடுக்குத் திருத்தம் விட்டு, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டினார்கள்.

மிச்சம் 1 ஃபிரேம்தானே? அதற்கு ஓவர்கிளாக் தேவைப்படவில்லை. விளையாட்டில் `Crowd Density` என்பதை `Low` ஆக்கினோம். சந்தையில் ஆள் குறைந்தது, 33 வந்தது. சிறிய ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் எஃப்எஸ்ஆரைக் குவாலிட்டியில் போட்டதும் நெடுஞ்சாலைச் சராசரி 45-ஐத் தொட்டது. கார்டைக் கசக்கி எடுத்த 3 ஃபிரேமுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்க்கலாம். தூரத்துக் கம்பி வேலிகள் கொஞ்சம் மினுமினுக்கும். அவன் கண்ணில் படவில்லை, என் கண்ணில் பட்டது.

கார்டு ஓவர்கிளாக்கை முழுதாகக் கழற்றிவிடவில்லை, திருப்பிப் போட்டேன். ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோல்-எஃப் அழுத்தினால் வோல்ட்டேஜ் வளைவு வரும். அதில் 900 மில்லிவோல்ட்டில் 1785 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்து, அதற்கு மேலே உள்ளதைத் தட்டையாக்கினேன். 75 வாட்டில் முட்டுகிற கார்டுக்கு வோல்ட்டேஜைக் குறைப்பதுதான் வேகத்துக்கு வழி, ஒவ்வொரு வாட்டிலும் கொஞ்சம் அதிகம் ஓடும். `Pwr` செய்தி மறைந்தது, சூடு 6 டிகிரி குறைந்தது, ஃபிரேம் +120-இல் வந்ததைவிட அரை ஃபிரேம்தான் கம்மி. மெமரியை +450-இல் விட்டிருக்கிறேன், மே மாதத்துக்காக.

போன வாரம் இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டைக் காட்டி அதே கேள்வியைக் கேட்டான். ஒளியின் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங் வன்பொருளிலேயே இருந்தால்தான் அது திறக்கும். 1650-இல் அந்தப் பகுதி சிப்புக்குள் இல்லவே இல்லை. "அப்போ எவ்வளவு ஏத்தினாலும்?" என்றான். செகண்ட்ஹேண்ட் கார்டு விலை பார்க்க ஆரம்பித்திருக்கிறோம். இப்போது மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான 8 பின் கேபிள் இருக்கிறதா என்று முதலில் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.