99.83% அக்யூரசி, பிடித்த மோசடி பூஜ்யம்: இன்டர்வியூவில் எந்த மெட்ரிக்கைச் சொல்வது?

டேட்டா சயன்ஸ் இன்டர்வியூவுக்குப் போகிறவர்களில் பலர் கைவைத்துப் பழகிய டேட்டாசெட், ஐரோப்பியக் கிரெடிட் கார்டு மோசடி டேட்டா. 2013 செப்டம்பரில் 2 நாள் நடந்த 2,84,807 பரிவர்த்தனைகள். அதில் மோசடி 492 மட்டுமே, அதாவது 0.17%.

கணக்குக்காக மூன்று மாடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். முதலாவது, எது வந்தாலும் 'மோசடி இல்லை' என்று மட்டுமே சொல்லும்.

| மாடல் | பிடித்த மோசடி | வீண் எச்சரிக்கை | அக்யூரசி |
|---|---|---|---|
| சும்மா இருப்பது | 0 | 0 | 99.83% |
| அ | 400 | 100 | 99.93% |
| ஆ | 420 | 2,843 | 98.98% |

492 மோசடியில் 420-ஐப் பிடித்த ஆ, ஒன்றைக்கூடப் பிடிக்காத மாடலுக்குக் கீழே நிற்கிறது. அக்யூரசியை நம்பினால் இப்படித்தான் ஆகும். நல்ல பரிவர்த்தனைகள் மலைபோல் குவிந்து கிடப்பதால், மோசடியில் என்ன நடந்தாலும் அந்த எண் பெரிதாக அசையாது.

சரி, அ-வா ஆ-வா? இருக்கும் மோசடியில் எவ்வளவு பிடித்தது என்று சொல்லும் ரீகால் அ-வுக்கு 81%, ஆ-வுக்கு 85%. எச்சரித்ததில் எவ்வளவு நிஜ மோசடி என்று சொல்லும் பிரிசிஷன் 80%, 13%. கூடுதலாக 20 மோசடியைப் பிடிக்க, ஆ 2,743 நல்ல வாடிக்கையாளர்களைக் கூடுதலாகச் சந்தேகப்படுகிறது. எச்சரிக்கைகளை ஆட்கள் உட்கார்ந்து சரிபார்க்கும் இடமென்றால் நான் அ-வைத்தான் எடுப்பேன். வாடிக்கையாளருக்கு ஒரு ஓடிபி அனுப்பினால் போதும் என்றால் ஆ-வும் தாங்கும். F1 அ-வுக்கு 0.81, ஆ-வுக்கு 0.22. ஆனால் அது பிரிசிஷனையும் ரீகாலையும் சமமாக எடைபோடுகிறது. தவறவிட்ட மோசடியும் வீண் எச்சரிக்கையும் எந்த வங்கிக்கும் ஒரே செலவு இல்லை. அதனால் F1-ஐ மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம்.

ROC-AUC-யும் இங்கே கொஞ்சம் ஏமாற்றும். ஆ-வின் 2,843 வீண் எச்சரிக்கையை அது 2,84,315 நல்ல பரிவர்த்தனைகளால் வகுப்பதால் வெறும் 1% என்று தெரியும். PR வளைவு அதையே 13% பிரிசிஷனாகக் காட்டிவிடும். எனவே மாடல்களை ஒப்பிட PR-AUC சொல்லுங்கள். கூடவே, குருட்டாம்போக்கில் ஊகித்தால் அது 0.0017 வாக்கில் இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். அப்போதுதான் உங்கள் மாடல் 0.7 எடுத்தால் அதற்கு அர்த்தம் வரும். அதைக் கணக்கிடும்போது கொடுக்க வேண்டியது நிகழ்தகவு, 0/1 விடை அல்ல:

```python
p = model.predict_proba(X_test)[:, 1]
average_precision_score(y_test, p)
```

அப்புறம், தேர்ந்தெடுத்த த்ரெஷோல்டில் பிரிசிஷன், ரீகால், கன்ஃப்யூஷன் மேட்ரிக்ஸின் நான்கு எண்கள். அந்த த்ரெஷோல்டை டெஸ்ட் டேட்டாவில் பார்த்து எடுக்கக் கூடாது, வேலிடேஷனில் எடுக்க வேண்டும்.

அடுத்து, மோசடி மாதிரிகளைச் செயற்கையாகப் பெருக்கும் SMOTE பற்றிக் கேட்பார்கள். அதை டிரெயினிங் பகுதியில் மட்டும் செய்யுங்கள். டெஸ்டையும் 50-50 ஆக்கினால், 13% பிரிசிஷன் உள்ள அதே ஆ மாடல் 99% காட்டும்.