செல்போன் பில்லிங்: வயர் ஸ்கேனரா, புளூடூத் ஸ்கேனரா?

செங்கோட்டையில் மளிகைக் கடை. பில் போடுவது ஆண்ட்ராய்டு போனில். கேமராவில் பார்கோடு எடுப்பது கூட்ட நேரத்துக்கு ஆகாது என்பதால் ஸ்கேனர் தேடினோம். வயர் ஸ்கேனரை ஓ.டி.ஜி. இணைப்பான் வழியாகப் போனில் செருகலாம், விலையும் குறைவு. புளூடூத் ஸ்கேனருக்கு வயர் கிடையாது, விலை கூடுதல். இரண்டையும் கடையில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் புளூடூத் பக்கம் வந்துவிட்டோம்.

முடிவு செய்தது ஒரே விஷயம்: கடை சும்மா இருக்கும் நேரம். எங்களுக்கு மதியம் ஈயாடும். சாயங்காலம் புளியரை தாண்டி ஆரியங்காவு பக்கத்து ஆட்கள் வந்தால் மொத்தமாக வருவார்கள். சில போன்களில் ஓ.டி.ஜி.யைப் பத்து நிமிஷம் பயன்படுத்தாவிட்டால் அதுவே அணைந்துவிடும். அப்புறம் செட்டிங்ஸில் போய்த் திரும்ப ஆன் செய்ய வேண்டும். போதாததற்கு வயர் ஸ்கேனர் போனின் சார்ஜையே குடிக்கும். சார்ஜ் போடும் ஓட்டையையும் அதுவே அடைத்துக்கொள்ளும். சார்ஜையும் உள்ளே விடும் ஹப் வாங்கினால் இது சமாளிக்கக்கூடியதுதான்.

புளூடூத் ஸ்கேனரும் தூங்கும். ஆனால் எவ்வளவு நேரத்தில் தூங்க வேண்டும் என்பதை, கூடவரும் கையேட்டில் உள்ள பார்கோடை ஸ்கேன் செய்து பல மாடல்களில் மாற்றிக்கொள்ளலாம். நேரத்தைக் கூட்டி வையுங்கள். தூங்கி எழுந்த உடனே அடிக்கும் முதல் பார்கோடு சில சமயம் போனுக்கு வந்து சேராது. 'பீப்' சத்தத்தை நம்ப முடியாது. பெரும்பாலும் அது கோடுகளைப் படித்துவிட்டேன் என்பதற்கான சத்தம்தான். ஒருவர் சோப்பு, டீத்தூள், பிஸ்கட் என ஏழு பொருள் எடுத்தார். பீப்பும் ஏழு கேட்டது, பில்லில் ஆறு வரிதான். விட்டுப்போனது முதலில் அடித்த சோப்பு. அதனால் இப்போது முதல் பொருள் திரையில் விழுந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கிறோம்.

இரண்டு வகைக்கும் பொதுவான தொல்லை ஒன்று உண்டு. போனுக்கு ஸ்கேனர் ஒரு கீபோர்டு மாதிரி. எண்ணுக்குப் பின் 'என்டர்' அனுப்பும்படி அமைக்காவிட்டால், 890 என்று தொடங்கும் 13 இலக்க எண் தேடல் பெட்டியிலேயே நிற்கும். அடுத்த பொருளின் எண்ணும் அதன் வாலில் ஒட்டி 26 இலக்கமாகும், 'பொருள் இல்லை' என்று வரும். இதற்கும் கையேட்டில் பார்கோடு இருக்கும். ஸ்கேனர் இணைந்ததும் திரைக் கீபோர்டு மறைந்துபோனால், செட்டிங்ஸில் 'பிசிகல் கீபோர்டு' பகுதியில் அதைக் காட்டும் சுவிட்சை ஆன் செய்தால் போதும். 750 கிராம் பருப்புக்கு எடை தட்டவும், கடன் கணக்கில் பெயர் எழுதவும் அது வேண்டும்.

பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும் என்று எங்கள் அனுபவத்தை வைத்துச் சொல்ல இன்னும் போதிய காலம் ஆகவில்லை. அதனால், பேட்டரி போனாலும் கேபிளில் ஓடக்கூடிய புளூடூத் மாடலாகக் கேட்டு வாங்குங்கள். மதியமும் ஆள் வந்துகொண்டே இருக்கிற கடை, போன் மேஜையை விட்டு நகராது, ஹப்பும் இருக்கிறது என்றால் வயர் ஸ்கேனரே போதும்.